ரோஸ்டரில் மூன்று பேர், இரவு இரண்டு மணிக்கு இரண்டு பேர்: ஒரு வார்டிலிருந்து நிர்வாகத்துக்குப் போன கடிதம்

30 படுக்கை கொண்ட ஒரு பொது மருத்துவ வார்டு. அதன் பொறுப்பு மருத்துவர், இரவுப் பணியில் செவிலியர் போதவில்லை என்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதினார். முதல் கடிதத்துக்கு ஒரு வரிப் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கு ஒரு கூட்டம் நடந்தது, நடைமுறையில் ஒரு மாற்றமும் வந்தது. இரண்டுக்கும் இடையில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளி பாதுகாப்புக் குழுவில் இருப்பதால் இரண்டு கடிதங்களையும் நான் படித்தேன், இரண்டாவது தயாரானபோது கூடவும் இருந்தேன். யாரும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் கடிதம் சுருக்கமானது. வார்டில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது, நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து, உடனே நடவடிக்கை வேண்டும் என்று இருந்தது. எழுதியதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் நிர்வாகத்திடம் ரோஸ்டர் இருக்கிறதே. அதில் இரவுக்கு மூன்று பேர் போட்டிருக்கிறது. "இரவுப் பணிக்கு மூன்று செவிலியர் ஒதுக்கப்பட்டுள்ளனர், இது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே" என்று பதில் வந்தது. அதுவும் பொய் கிடையாது.

மருத்துவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பதிலில் ஒரு தகவலும் இருந்தது. நிர்வாகம் பார்ப்பது ஒதுக்கீட்டை, அவர் பார்ப்பது வார்டில் நிற்கும் ஆட்களை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் எங்கேயோ போகிறார். எங்கே, எத்தனை இரவுகள், எந்த நேரத்தில் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

யார் போகிறார், எங்கே போகிறார்

மருத்துவர் முதலில் போனது வார்டு சிஸ்டரிடம். செவிலியர் எண்ணிக்கை பற்றி ஒரு மருத்துவர் தனியாக எழுதினால், அது செவிலியர் துறையைக் குறை சொல்வதாகவே படிக்கப்படும். சிஸ்டர் விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "மூணு பேர்தான் சார்ஜ் எடுக்கறாங்க டாக்டர். பதினோரு மணிக்கு எமர்ஜென்சிலேருந்து போன் வரும், ஒருத்தரை அனுப்பச் சொல்வாங்க. அனுப்பினா காலையிலதான் திரும்ப வருவாங்க." அப்படி அனுப்புவது தொலைபேசியில் முடிந்துவிடுகிறது. ரோஸ்டரில் ஏறுவதில்லை. சம்பளக் கணக்கிலும் அந்த செவிலியர் இந்த வார்டில் வேலை பார்த்ததாகவே இருக்கும்.

அடுத்து, அளக்க வேண்டியது எது என்ற கேள்வி. மருத்துவரின் மனதில் முதலில் இருந்தவை இறப்புகளும் இதயத் துடிப்பு நின்றால் வரும் அவசர அழைப்புகளும். அவற்றை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒரு வார்டில், சில வாரங்களில், அவை மிகக் குறைவாகவே நடக்கும். இரண்டு கூடினாலோ குறைந்தாலோ அது தற்செயலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்து எழுதினால், கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே முழுக் கடிதமும் விழுந்துவிடும். ஒவ்வோர் இரவும் பல தடவை நடக்கிற, நோயாளியின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வேலையை எடுத்து அளப்பதே பொருத்தம்.

அந்த வார்டில் நியூஸ்-2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறை நடைமுறையில் இருந்தது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்டது அது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறதா, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, நினைவு நிலை, உடல் வெப்பநிலை ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் குறைந்தது மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். 7 வந்துவிட்டால் தொடர் கண்காணிப்பு. எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருப்பதால், பார்த்தார்களா என்பதை எண்ணிவிடலாம். அந்த விதியை நிர்வாகமே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது என்பது இன்னும் வசதி.

28 இரவுகள்

தொடர்ச்சியாக 28 இரவுகள் எடுத்தார்கள். இடையில் எந்த இரவையும் விடக் கூடாது என்பதில் மருத்துவர் உறுதியாக இருந்தார். மோசமான இரவுகளைப் பொறுக்கி எடுத்தோம் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது. ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு வார்டில் எத்தனை செவிலியர், எத்தனை நோயாளிகள், எத்தனை பேருக்கு மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் என்று டியூட்டி மருத்துவர் ஒரு தாளில் குறித்தார். செவிலியர் பெயர் எழுத அந்தத் தாளில் இடமே விடவில்லை. மணிக்கொரு முறை பார்க்க வேண்டிய நோயாளிகளின் பதிவுகளைப் பிறகு எடுத்து, உரிய நேரத்திலிருந்து அரை மணிக்குள் பார்த்திருந்தால் 'நேரத்துக்கு' என்று கணக்கிட்டார்கள்.

17 இரவுகளில் மூன்று பேர் இருந்தார்கள். 11 இரவுகளில் இரண்டு பேர். மூவர் இருந்த இரவுகளில் 612 முறை பார்க்க வேண்டியிருந்தது, 496 நேரத்துக்கு நடந்திருந்தன, அதாவது 81 சதவீதம். இருவர் இருந்த இரவுகளில் 418இல் 188, அதாவது 45 சதவீதம்.

இந்த இடத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இரண்டு. இரண்டு பேர் மட்டும் இருந்த இரவுகளில் நோயாளிகளின் நிலை தற்செயலாக மோசமாக இருந்ததோ? ஓர் இரவுக்குப் பார்க்க வேண்டிய தடவைகள் சராசரியாக ஒரு பக்கம் 36, மறுபக்கம் 38. பெரிய வேறுபாடு இல்லை. அடுத்தது, நோயாளியைப் பார்க்கத் தாமதமா, எழுதத் தாமதமா? நேரத்துக்குப் பார்த்துவிட்டு, கை ஓய்ந்ததும் மொத்தமாக எழுதியிருக்கலாம் அல்லவா. இதற்காகச் சில இரவுகளுக்கு ரத்த அழுத்தக் கருவியின் நினைவகத்தில் இருந்த நேரத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். அப்போதுதான் நிலைமை நேர்மாறாகத் தெரிந்தது. பதிவேட்டில் 2.00, 3.00, 4.00 என்று வரிசையாக எழுதியிருந்த சில இடங்களில் கருவி ஒரே ஒரு தடவைதான் இயங்கியிருந்தது. மூன்று வரிசையிலும் மூச்சு எண்ணிக்கை 18, 18, 18. மூச்சை அந்தக் கருவி எண்ணாது, ஒருவர் கட்டிலருகே நின்று கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். நேரம் இல்லாதபோது முதலில் கைவிடப்படுவது அதுதான். உடல்நிலை சரிவதை மற்ற அளவுகளுக்கு முன்பே காட்டக்கூடியதும் பெரும்பாலும் அதுதான். ஆக 45 என்பதே கூடுதலான எண்ணாக இருக்கலாம்.

இதை எப்படி எழுதுவது என்று நெடுநேரம் பேசினோம். பொய்ப் பதிவு என்று எழுதினால் மறுநாளே இரண்டு செவிலியருக்கு மெமோ போகும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மருத்துவர் இப்படி எழுதினார்: "பதிவேட்டு நேரங்களைவிட உண்மையான இடைவெளி நீளமாக இருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறி உள்ளது, எனவே மேற்கண்ட எண்ணைக் குறைந்தபட்சப் பிரச்சினையாகக் கொள்ளவும்." உண்மையும் விடுபடவில்லை, யாரும் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

நிமிடக் கணக்கு

சதவீதங்களைப் பார்த்துவிட்டு, 'கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை பார்த்தால் சரியாகிவிடும்' என்று சொல்ல நிர்வாகத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். அதற்குப் பதில் நிமிடக் கணக்கில் இருந்தது. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

பத்து மணி நேர இரவுப் பணி. இரண்டு செவிலியர் என்றால் 20 மணி நேரம். தொடக்கத்திலும் முடிவிலும் பொறுப்பு ஒப்படைக்க ஆளுக்கு ஒரு மணி, ஓய்வுக்கு ஆளுக்கு ஒரு மணி. மிஞ்சுவது 16 மணி நேரம். சராசரி இரவில் நிலை மோசமான நோயாளிகளை 38 தடவை பார்க்க வேண்டும். மற்ற 26 பேரைத் தலா இரண்டு தடவை பார்த்தால் 52. மொத்தம் 90. ஒருவரைப் பார்த்து எழுதி முடிக்க அந்த வார்டில் அளந்தபோது ஐந்து நிமிடம் ஆனது. ஆக ஏழரை மணி நேரம். ரத்தக் குழாய் வழி மருந்து பெறுபவர்கள் 18 பேர், இரவில் இரண்டு வேளை. கலந்து, சரிபார்த்து, ஏற்றி முடிக்கத் தலா பத்து நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். ஓர் இரவுக்குச் சராசரியாக மூன்று புது நோயாளிகள், ஆளுக்கு முக்கால் மணி என்றால் இரண்டே கால் மணி நேரம். கூட்டினால் 15 மணி 45 நிமிடம்.

மீதம் 15 நிமிடம். 30 நோயாளிகளுக்கு, ஓர் இரவு முழுவதற்கும். புரட்டிப் படுக்க வைப்பது, கழிவறைக்குக் கூட்டிப் போவது, அழைப்பு மணிக்குப் போவது, வலி என்று கூப்பிடுபவரிடம் பேசுவது, ரத்தம் அனுப்புவது, மருத்துவருக்குப் போன் செய்வது எல்லாம் இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வர வேண்டும். மூன்றாவது ஆள் இருந்தால் இந்த மீதம் எட்டே கால் மணி நேரமாகிறது. யாரும் சோம்பலாக இல்லை என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் அதை நிரூபித்த பத்தி இது.

ஆய்வுகளில் எதை எடுப்பது

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐக்கனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. அறுவை சிகிச்சை நோயாளிகளிடையே, ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி என்றால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியதாக அது கண்டது. பின்னர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்விலும் இதே அளவு வந்தது. ஆனால் இரண்டும் ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு ஒப்பிடுபவை. "அந்த மருத்துவமனைகள் வேறு, நாம் வேறு" என்ற பதிலுக்கு இடம் இருக்கிறது.

அதனால் மருத்துவர் முன்னால் வைத்தது நீடில்மன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வை. ஒரே பெரிய அமெரிக்க மருத்துவமனையின் 43 பிரிவுகளில் ஏறக்குறைய இரண்டு லட்சம் நோயாளி அனுமதிகளை எடுத்து, ஒவ்வொரு ஷிஃப்டாகப் பார்த்தார்கள். அங்கே இருக்க வேண்டிய செவிலியர் நேரத்தில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ குறைந்த ஷிஃப்டைக் 'குறைவான ஷிஃப்ட்' என்று கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படி ஒரு ஷிஃப்டை ஒரு நோயாளி கடந்தால் இறப்பு அபாயம் 2 சதவீதம் கூடியது. வருவோர் போவோர் மிக அதிகமாக இருந்த ஷிஃப்ட் என்றால் 4 சதவீதம். மருத்துவமனையே ஒதுக்கிய எண்ணிக்கையிலிருந்து ஒருவர் குறைந்தால் என்ன ஆகும் என்பது தான் நம் கேள்வியும். அதனால் அந்த ஆய்வு இந்த வார்டுக்கு அப்படியே பொருந்தியது.

ஒரு விஷயத்தில் மட்டும் மருத்துவரைத் தடுத்தேன். அந்த 2 சதவீதத்தை 11 இரவுகளோடும் 30 நோயாளிகளோடும் பெருக்கி, "இத்தனை பேர் இறந்திருப்பார்கள்" என்று எழுதும் ஆசை அவருக்கு இருந்தது. அது ஒப்பீட்டு அபாயம், எத்தனை இறப்புகளாகும் என்பது அடிப்படை இறப்பு விகிதத்தைப் பொறுத்து மாறும். இன்னொரு நாட்டின் எண்ணைக் கொண்டுவந்து இந்த வார்டில் இறந்தவர்களை எண்ணுவது தவறு. நிர்வாகத்தில் ஒருவருக்குப் புள்ளியியல் தெரிந்திருந்தாலும் போதும், அத்தோடு கடிதம் முடிந்திருக்கும்.

கடிதம்

மருத்துவக் கண்காணிப்பாளருக்கும், நகல் செவிலியர் கண்காணிப்பாளருக்கும், ஒரே பக்கத்தில் போனது. முக்கியப் பகுதிகளைத் தருகிறேன்.

> பொருள்: இரவுப் பணியில் செவிலியர் இடமாற்றம், நோயாளி கண்காணிப்பில் அதன் விளைவு.
>
> மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு,
>
> எங்கள் வார்டுக்கு இரவில் மூன்று செவிலியர் ஒதுக்கப்பட்டுள்ளனர். தொடர்ச்சியான 28 இரவுகளில் 11 இரவுகளில் ஒருவர் வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டதால் இருவரே இருந்தனர். அந்த இரவுகளில், மணிக்கொரு முறை பார்க்க வேண்டிய நோயாளிகளில் 45 சதவீதக் கண்காணிப்பே நேரத்துக்கு நடந்தது. மூவர் இருந்த இரவுகளில் இது 81 சதவீதம். கணக்கிட்ட முறையும் ஓர் இரவின் பணிநேரக் கணக்கும் இணைப்பில் உள்ளன.
>
> இருவர் இருந்த ஓர் இரவில், 10.50க்கு மதிப்பெண் 6 இருந்த நிமோனியா நோயாளியின் அடுத்த பதிவு 3.40க்கு உள்ளது. அப்போது மதிப்பெண் 9. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இடையில் இரண்டு புதிய நோயாளிகள் வந்தனர்; அவர்களில் ரத்த வாந்தி எடுத்த ஒருவருக்கு இரு செவிலியருமே தேவைப்பட்டனர். முன்பே கவனித்திருந்தால் விளைவு மாறியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நம் விதிப்படி நான்கு முறை பார்த்திருக்க வேண்டும், பார்க்க ஆள் இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.
>
> இது செவிலியர் எவரின் பணியையும் பற்றிய புகார் அல்ல. பெயர்கள் எதுவும் சேகரிக்கப்படவில்லை.
>
> மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் உள்ள நோயாளிகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருக்கும் இரவில் மூன்றாவது செவிலியரை மாற்றுவதற்கு, இரவுப் பொறுப்புச் செவிலியரும் டியூட்டி மருத்துவரும் பேசி முடிவெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்றால், அன்றிரவு எங்கள் வார்டில் புதிய அனுமதி நிறுத்தப்பட வேண்டும். இதை நான்கு வாரம் நடைமுறைப்படுத்திப் பார்க்க அனுமதி கோருகிறேன். அதே முறையில் மீண்டும் அளந்து தருகிறேன். நேரில் விளக்க இவ்வாரம் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டுகிறேன்.

நோயாளி விவரத்தில் வயது, பெயர், தேதி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். அந்த நிகழ்வு தனியாக, உரிய படிவத்தில், ஏற்கெனவே பாதுகாப்புக் குழுவுக்கு வந்திருந்தது. கோரிக்கையில் புது நியமனம் கிடையாது. அதை விட்டுவிட்டாரே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது சரியான வரிசை என்றே பட்டது. பணம் கேட்காத ஒரு கோரிக்கையை மறுக்க நிர்வாகத்துக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை எழுத்தில் தரவும் வேண்டும்.

பிறகு நடந்தது

கூட்டத்தில் செவிலியர் கண்காணிப்பாளர் முதலில் கேட்டது, பெயர்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று. எடுக்கவே இல்லை என்றதும் அவர் பேச்சின் தொனி மாறியது. இடமாற்றத்தைப் பதிவு செய்யத் தன்னிடமும் எந்த ஏடும் இல்லை, கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன் என்று அவரே சொன்னார். நான்கு வாரச் சோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது. புதிய அனுமதியை நிறுத்தும் பகுதி மட்டும் ஏற்கப்படவில்லை. வேறு வார்டில் படுக்கை இருந்தால் அங்கே அனுப்பலாம் என்று திருத்தினார்கள்.

சோதனைக் காலத்தின் 28 இரவுகளில் இருவர் மட்டும் இருந்தவை நான்காகக் குறைந்தன. எல்லா இரவுகளையும் சேர்த்து, நேரத்துக்குப் பார்த்தது 66 சதவீதத்திலிருந்து 76 ஆனது. மூவர் இருந்த இரவுகளின் எண் அதே 81இல்தான் நின்றது. வேலை முறை எதுவும் மாறவில்லை, ஆள் இருந்த இரவுகள்தான் கூடின என்பதற்கு அது சான்று. மூவர் இருந்தும் ஏன் 81ஐத் தாண்டவில்லை என்பது தனிக் கேள்வி.

அவசரப் பிரிவில் என்ன ஆனது? அங்கே ஆள் குறைந்தது. இரவு பதினோரு மணிக்கு அவர்கள் போன் செய்ததும் வேடிக்கைக்காக இல்லையே. பற்றாக்குறை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டது என்று அவசரப் பிரிவுத் தலைவர் சொன்னபோது, மருத்துவர் வாதாடவில்லை. இருவரும் சேர்ந்து அடுத்த கடிதத்தை எழுதினார்கள். இம்முறை கேட்டது எந்த வார்டுக்கும் சொந்தமில்லாத, இரவில் தேவைப்படும் இடத்துக்குப் போகும் ஒரு செவிலியர் இடம்.

'ஒரு இடம்' என்றால் ஒருவரை நியமித்தால் போதும் என்று நிதித் துறை எடுத்துக்கொள்ளும். அதனால் கணக்கையும் இணைத்தார்கள். ஆண்டுக்கு 365 இரவு, பத்து மணி வீதம் 3,650 மணி நேரம். வாரம் 40 மணி வேலை பார்ப்பவர் விடுப்பு, பயிற்சி, நோய் நாட்கள் போக 43 வாரம் பணியில் இருந்தால் 1,720 மணி நேரம் தருவார். ஆக இரண்டு பேருக்கும் சற்று மேல் வேண்டும். ஒருவரை மட்டும் நியமித்தால் பாதி இரவுகளுக்கு மேல் அந்த இடம் காலியாகவே கிடக்கும், ரோஸ்டரில் மட்டும் நிரம்பியிருக்கும்.

நிதிக் குழு இரண்டு நியமனங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. இரண்டுக்கு மேல் தேவைப்படும் அந்தச் சிறு மீதத்தைக் கூடுதல் பணிநேரப் படியில் சமாளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடமாற்ற ஏடு இப்போது எல்லா வார்டுகளிலும் இரவுப் பொறுப்புச் செவிலியரிடம் இருக்கிறது. மாதக் கடைசியில் அதன் நகல் மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் எங்கள் குழுவுக்கும் வருகிறது.